பெயரில்லா நிழற்படத்தின் காலம்: தாமிரபரணிக் கரைப் படம் ஒன்றன் ஆராய்ச்சி

நூலொன்றன் காலத்தை வரையறுக்கப் புகுவோர் மேலெல்லை, கீழெல்லை என இரண்டினை முதற்கண் நிறுவிக்கொள்வர். நூலினுள் பயிலும் சொல்லோ சுட்டப்பெறும் நிகழ்ச்சியோ தோன்றுவதற்கு முன்னர் அந்நூல் எழுந்திருத்தல் இயலாது, இது மேலெல்லை. அந்நூலை மேற்கோளாக ஆண்ட பிறிதொரு நூல் எழுந்த பின்னர் அது தோன்றியிருத்தலும் இயலாது, இது கீழெல்லை. திருநெல்வேலிச் சீமை தந்த பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை முதலாயினோர் இம்முறையைத் தமிழிலக்கியத்தில் விரிவாகக் கையாண்டனர். ஏட்டுச் சுவடிக்கும் அச்சு நூலுக்கும் பொருந்தும் இம்முறை, பெயரும் ஆண்டும் எழுதப்பெறாத பழைய நிழற்படத்திற்கும் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்பெறுவது.

இவ்வினா வீண் வினா அன்று. சென்ற நூற்றாண்டிலும் அதற்கு முந்திய நூற்றாண்டிலும் வாழ்ந்த புலவர்தம் நூல்களை மறுபதிப்புச் செய்வோர், முகப்பில் ஆசிரியர் உருவத்தைச் சேர்க்க விழைகின்றனர். வழித்தோன்றல்களின் வீட்டுச் சுவரில் தொங்கும் படம் ஒன்றே பெரும்பாலும் சான்றாகக் கொள்ளப்பெறுகிறது. ஒருமுறை அச்சேறிய உருவம் பாடநூலுக்கும் நினைவு மலருக்கும் சிலைக்கும் பரவிவிடும். பின்னர் அதனை மாற்றுதல் அரிது.

எடுத்துக்கொண்ட படம்

சேரமாதேவிக்கு அண்மையில், தாமிரபரணியின் தென்கரையிலுள்ள ஓர் ஊரில், ஒரு புலவர் மரபினர் இல்லத்தில் இப்படம் உள்ளது. குடும்பத்தார் விருப்பத்திற்கிணங்க ஊர்ப்பெயரும் புலவர் பெயரும் ஈண்டுக் கூறப்பெறவில்லை. புலவர் மறைந்தபோது பாடப்பெற்ற இரங்கற்பாவின் அச்சுப்படியால், அவர் தம் 62ஆம் அகவையில் 1897இல் காலமானார் என்பது தெளிவு. எனவே அவர் பிறப்பு 1835ஆம் ஆண்டினை ஒட்டியது ஆகும்.

படத்தில் நால்வர் உளர். தலைப்பாகை அணிந்த ஆடவர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்துள்ளார். அவரருகே ஒரு பெண் நிற்கின்றார். பத்து அகவை மதிக்கத்தக்க சிறுவன் ஒருவனும், ஐந்து அகவை மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தியும் முன்னே நிற்கின்றனர். படம் ஏறத்தாழ நான்கு அங்குல அகலமும் ஐந்தரை அங்குல உயரமும் உடையது. தடித்த சாம்பல்நிற அட்டையில் ஒட்டப்பெற்றது. சட்டத்தில் பொருந்தும் பொருட்டு அட்டையின் அடிப்பகுதி அறுக்கப்பட்டுள்ளது. நிழற்பட நிலையத்தின் பெயர் அச்சிடப்பெறும் இடம் அதுவே ஆதலின், எடுத்தவர் யார் என்பதற்குரிய நேர்ச்சான்று அழிந்தது.

அட்டையின் பின்புறம் எழுதுகோலால் ஒரு குறிப்பு உள்ளது: ‘௮௮ ௵ தை ௴’. வேறெழுத்து யாதும் இல்லை. இக்குறிப்பினைக் குடும்பத்தார் 1888 எனக் கொண்டனர். அவ்வாண்டில் புலவர்க்கு அகவை 53. ஆகவே நாற்காலியில் இருப்பவர் புலவரே என்பது அவர்தம் துணிபு. முகச்சாயல் ஒத்திருத்தலையும் அவர்கள் சான்றாகக் காட்டினர்.

பின்புறக் குறிப்பினை இறுதியிலே ஆராய்தல் தக்கது. எழுத்தினை முதலிற் படித்தவன் கண்ணுக்குப் படத்திலுள்ள யாவும் அவ்வெழுத்திற்கு இயையவே தோன்றும். ஆதலின் அட்டையைக் குப்புற வையாது, படத்தை மட்டும் நோக்கிக் காலம் கணித்து, அதன்பின் குறிப்போடு ஒப்பிடுதலே முறையாகும்.

தாள் கூறும் காலம்

ஒரு படத்தின் தாளினை அறிதற்குப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடி ஒன்றும், பக்கத்திலிருந்து விழும் வெளிச்சமும் போதும். நீர்த்துளி இட்டுப் பார்த்தல் போன்ற சோதனைகள் படத்தைக் கெடுக்குமாதலின் விலக்கத்தக்கன.

1850இல் பிரான்சில் அறிவிக்கப்பெற்று, 1890கள் வரை உலகெங்கும் ஆட்சி செலுத்தியது முட்டையின் வெண்கருவைப் பூசிய தாள். ஆல்புமின் தாள் என்பது அதன் வழக்குப் பெயர். இதில் வெண்கருப் பூச்சு நேரே மெல்லிய தாளின்மேல் அமைவதால், பெருக்கிக் கண்ணாடியில் நோக்கின் தாளின் நார்கள் புலனாகும். வெளிச்சப் பகுதிகள் பழுத்து மஞ்சள் நிறம் பெற்றிருக்கும். மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகளும் தோன்றும். இத்தாளினை வெள்ளி உப்பில் நனைத்து ஒளியுணர்வு ஊட்டும் பணியை நிழற்படக்காரர் பெரும்பாலும் தாமே, பயன்படுத்தும் நாளினை ஒட்டியே செய்தனர்.

அதற்குப்பின் வந்தது ஜெலட்டின் பூசி, ஒளியுணர்வும் ஊட்டி, ஆலையிலேயே ஆயத்தமாக்கி உறையிலிட்டு விற்கப்பெற்ற வெயிலச்சுத் தாள். கண்ணாடித் தகட்டின் கீழே இதனை வைத்து வெயிலிற் காட்டினால் உருவம் தானே தோன்றும். பின்னர்ப் பொன் உப்பு நீரில் தோய்த்து நிறம் ஏற்றுவர். இவ்வகைத் தாள் 1880களின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் தலைகாட்டியது. இங்கிலாந்தின் இல்ஃபோர்டு நிறுவனம் 1891இல் ‘பி.ஓ.பி.’ என்னும் பெயரால் இதனை விற்கத் தொடங்கியபின் பரவலாயிற்று. இதில் நாரினை மறைக்கும் வெண்ணிறக் கனிமப் பூச்சு ஒன்று தாளுக்கும் ஜெலட்டினுக்கும் இடையே உண்டு. எனவே கண்ணாடியில் நோக்கினும் நார் புலப்படாது. மேற்பரப்பு வழவழப்பாக மின்னும். நிறம் செம்மையும் ஊதாவும் கலந்த பழுப்பாக இருக்கும்.

இருட்டறையில் மருந்துநீரில் கழுவி உருவம் தோற்றுவிக்கும் தாள் மூன்றாவது வகை. இருபதாம் நூற்றாண்டில் பெரிதும் வழங்கியது இதுவே. இதன் நிறம் கருமையும் வெண்மையுமாம். நெடுநாட் கழிந்தால் கரிய பகுதிகளின் ஓரங்களில் நீலச்சாயலுடைய உலோகப் பளபளப்பு எழும். இதனை வெள்ளி பூத்தல் எனலாம்.

நாம் ஆராயும் படத்தில் நார் புலப்படவில்லை. வெளிச்சப் பகுதி மஞ்சளாகவில்லை. நிறம் செவ்வூதாப் பழுப்பு. வெள்ளி பூத்த அடையாளமும் இல்லை. ஆகவே இது வெயிலச்சுத் தாள் என்பது தெளிவு. இதனால் பெறப்படுவது யாது? ஐரோப்பாவிலேயே அரும்பும் நிலையிலிருந்த தாள் ஒன்று, 1888 தை மாதத்தில் திருநெல்வேலியில் வழங்கிற்று என்றல் ஏறத்தாழ இயலாததே. 1876இலேயே இருப்புப்பாதை திருநெல்வேலியை எட்டிவிட்டமையால் சரக்கு வருதற்குத் தடையில்லை எனலாம். ஆயினும் விற்பனைக்கு வாராத சரக்கினை எந்த இருப்புப்பாதையும் கொணர இயலாது. எனவே படத்தின் மேலெல்லை 1890களின் தொடக்கம் என்க. கீழெல்லையைத் தாள் வரையறுத்துக் காட்டாது. இத்தாள் 1920கள் வரையும் வழங்கியது.

ஒட்டிய அட்டையும் ஒரு சான்று. 1890களில் இவ்வளவினவாகிய படங்கள் பெரும்பாலும் பளபளப்பான வெளிர் அட்டையிலோ கருநிற அட்டையிலோ, பொன்மை பூசிய விளிம்புடன், அட்டையை நிறைத்து ஒட்டப்பெற்றன. நம் படமோ பளபளப்பற்ற சாம்பல் அட்டையில், நாற்புறமும் அகன்ற ஓரம் விட்டு, அழுத்திப் பொறித்த கோட்டுச் சட்டத்தினுள் அமைந்துள்ளது. இவ்வழக்கு 1900ஐ ஒட்டியும் அதற்குப் பின்னும் பெருகியது. அட்டைகள் வெளிநாட்டிலிருந்து வந்தன; வழக்கொழிந்த சரக்கும் சிற்றூர்களில் சிலவாண்டு செலவாகும். ஆதலின் அட்டை காலத்தைப் பின்னுக்குத் தள்ளுமேயன்றி முன்னுக்குக் கொணராது.

மூலமா, படியா?

ஈண்டு ஒரு தடை எழும். தாள் பிற்காலத்ததாயினும் உருவம் முற்காலத்ததாக இருக்கலாகாதா? பழைய படம் ஒன்றனை மீண்டும் படம்பிடித்துப் புதுத்தாளில் அச்சிட்டிருக்கலாமே? இத்தடை வலியுடையது. தமிழகத்து இல்லங்களில் மறைந்த முன்னோரின் சிறுபடத்தைப் படியெடுத்து மாட்டுதல் பெருவழக்கு. தாளின் காலம் அச்சின் காலமேயன்றி உருவத்தின் காலம் அன்று.

படியினை அறிதற்குக் குறிகள் சில உள. முதலாவது, மூலப்படத்தின் கீறலும் மடிப்பும் புழு அரித்த துளையும் படியில் உருவமாகவே பதிந்திருக்கும். கண்ணுக்குத் தோன்றும் கீறல் சாய்வொளியில் மேற்பரப்பில் காணப்படாது. இரண்டாவது, நுண்பகுதிகள் மழுங்கும். கரிய பகுதி ஒரே கருமையாகவும் வெளிய பகுதி ஒரே வெண்மையாகவும் திரண்டுவிடும். மூன்றாவது, மூலத்தாளின் நாரோ மேடு பள்ளமோ படியில் நிழலாக விழுந்திருக்கும்.

நம் படத்தில் இம்மூன்றும் இல்லை. ஆடவரின் மேலாடைக் கரையில் நெசவின் இழைகள் தனித்தனியே தெரிகின்றன. சிறுமியின் கண்ணிமை மயிர்களும் எண்ணத்தக்கனவாய் உள்ளன. உள்ள ஒரே கீறல் மேற்பரப்பிலேயே விரலாற் கிள்ளியதுபோல் அமைந்தது. எனவே இது கண்ணாடித் தகட்டினின்று நேரே அச்சிட்ட மூலமே. தாளின் காலமும் உருவத்தின் காலமும் பெரிதும் வேறல்ல எனத் துணியலாம்.

குடும்பத்தார் எழுப்பிய ஓர் ஐயத்தையும் இவ்விடத்தே போக்குதல் நன்று. கணவனுடன் நிற்பவள் கருஞ்சேலையும் கரும்பொட்டும் அணிவாளோ என்பது அவ்வையம். அக்காலத் தகடுகள் நீல ஒளிக்கே மிகுதியாக வயப்பட்டவை, செந்நிறத்தை உணராதவை. எனவே குங்குமமும் அரக்குச் சேலையும் அவற்றில் கருமையாகவே பதியும். நீலச்சேலை வெளிறித் தோன்றும். தோலின் நிறமும் உள்ளதினும் கறுத்துக் காட்டும். எல்லா நிறங்களையும் ஏற்ற அளவில் உணரும் தகடும் சுருளும் பரவியது 1920களின் இறுதிக்குப் பின்னரே. ஆகவே பொட்டின் கருமை துயரக் குறி அன்று, தகட்டின் இயல்பு.

காதும் ரவிக்கையும்

இனி உருவத்திலுள்ள ஒப்பனையை நோக்குவோம். ஒப்பனைச் சான்றினை ஆள்வோர் மறத்தலாகாத உண்மை ஒன்று உண்டு. ஒருவர் உடலிலுள்ள வழக்குகள் அனைத்தும் ஒரே காலத்தைச் சுட்டா. சில அவர் குழந்தைப் பருவத்தைச் சுட்டும். சில இளமையைச் சுட்டும். சில மட்டுமே படமெடுத்த நாளைச் சுட்டும்.

நிற்கும் பெண்ணின் காதுகள் தோளை நோக்கி நீண்டு தொங்குகின்றன. அவற்றில் பாம்படம் உள்ளது. நெல்லைச் சீமையில் இது பரவிய வழக்கு. எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட தென்னிந்திய இனவியற் குறிப்புகளிலும் காது வளர்க்கும் வழக்கம் கூறப்பெற்றுள்ளது. காதினைத் துளைத்து, பஞ்சும் ஓலைச் சுருளும் இட்டு, வரவரப் பெரிதாக்கி, பின்னர்க் கனத்த அணியைத் தொங்கவிட்டு நீட்டுவர். இஃது குழவிப் பருவத்திலே தொடங்கி ஆண்டுக் கணக்கில் நிகழ்வது. ஆகவே நீண்ட காது, அப்பெண் குழவியாக இருந்த காலத்து அக்குடும்பத்தின் வழக்கையே கூறும். பாம்படம் அணிந்த மூதாட்டியர் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இவ்வட்டாரத்தில் வாழ்ந்தனர். பாம்படத்தைக் கண்டவுடன் பழம்படம் எனத் துணிவார் நாற்பது ஐம்பது ஆண்டு பிழைபடுவர்.

மாறாக, முன்னே நிற்கும் சிறுமியின் காதோ வளர்க்கப்பெறவில்லை. சிறு துளையில் சிறு தோடு மட்டும் உள்ளது. ஐந்து அகவையில் காது வளர்க்கத் தொடங்காமை, அக்குடும்பம் அவ்வழக்கைக் கைவிட்டமையைக் காட்டும். தாயின் காதுக்கும் மகளின் காதுக்கும் இடையே ஒரு வழக்கு மாண்டது. மறைப்பள்ளிகளைச் சார்ந்த குடும்பங்களில் இம்மாற்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தொடங்கிற்று. பிறரிடையே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மெல்லப் பரவிற்று. இப்படத்துக் குடும்பம் சைவநெறி நின்றது. ஆடவர் நெற்றியில் திருநீறு விளங்குகிறது. ஆகவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கமே பெரிதும் இயையும்.

இதனால் ஒரு விதி பெறப்படும்: ஒரு படத்திலுள்ளாருள் இளையவரே அப்படத்தின் காலத்திற்கு அண்மையர். மூத்தோர் ஒப்பனை பின்தங்கும்; சிறார் ஒப்பனை அன்றைய வழக்கைக் காட்டும்.

பெண்ணின் ரவிக்கை கழுத்தளவு உயர்ந்தது. கை முழங்கை வரை நீண்டது. தோளிற் சிறிது பருத்து, ஓரத்தில் சுருக்குத் துணி தைத்து முடிகிறது. ரவிக்கை உண்டு, இல்லை என்பதனை மட்டும் கொண்டு காலம் கணித்தல் தவறு. மலைக்கு அப்பால் தென் திருவிதாங்கூரில் தோள்சீலை அணிதல் உரிமைப் போராட்டமாகவே நிகழ்ந்து, 1859இல் அரசாணை பெற்றது என்பது யாவரும் அறிந்தது. ஆங்கும் ஈங்கும் மேலாடை குலத்தையும் சமயத்தையும் செல்வத்தையும் பற்றி வேறுபட்டது. ஆண்டினை மட்டும் பற்றி அன்று. எனவே ரவிக்கையின் இருப்பினைவிட அதன் வெட்டே காலங் காட்டும்.

பருத்த தோட்கை ஐரோப்பாவில் 1895ஐ ஒட்டி உச்சமுற்றது. ஆங்கிலப் பெண்டிரின் உடைவழியே இந்திய ரவிக்கையில் அது புகுந்து சில ஆண்டுகள் நிலைத்தது. 1930களில் ‘பப் கை’ என்னும் பெயரால் மீண்டும் தோன்றியது. இவ்விரண்டனையும் மயங்கக் கொள்வோர் பலர். பிந்தியதில் கை குறுகியது. கழுத்து அகன்று தாழ்ந்தது. முந்தியதில் கை நீண்டது. கழுத்து உயர்ந்து மூடியது. நம் படத்தது முந்திய வகையே. நெல்லைச் சீமைத் தையற்காரர் கையில் அவ்வெட்டு வந்து சேர்ந்து வழங்கிய காலம் 1900 முதல் 1920 வரை எனலாம்.

குடுமியும் கிராப்பும்

ஆடவர் தலைப்பாகை அணிந்திருத்தலின் தலைமயிர் தெரியாது. எனினும் பாகையின் கீழ் நெற்றியோரமும் பொட்டுக் குழியும் மழிக்கப்பெற்றிருத்தல் புலனாகிறது. எனவே உள்ளே குடுமி உண்டு எனக் கருதலாம். கழுத்து மூடிய நீண்ட கோட்டின் மேல் அங்கவஸ்திரம். பையிலிருந்து கடிகாரச் சங்கிலி தொங்குகிறது. கைக்கடிகாரம் இல்லை. ஆடவர் கைக்கடிகாரம் அணிதல் 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதல் உலகப்போருக்குப் பின் பெருகியதாயினும், ஒன்றன் இன்மை வலிய சான்றாகாது. வசதியற்றமையும் அதற்குக் காரணமாகலாம்.

சிறுவனோ வகிடெடுத்துச் சீவிய கிராப்புத் தலையன். இதனை எடைபோடுதற்குக் காலம் அறிந்த ஒருவர் வரலாறு துணைசெய்யும். 1882இல் எட்டயபுரத்திற் பிறந்து, தாமிரபரணிப் படுகையிலுள்ள கடையத்திற் பெண்கொண்ட பாரதியார், 1898இல் காசிக்குச் சென்று அங்கே வாழ்ந்த நாளில்தான் குடுமியை நீக்கி, மீசையும் தலைப்பாகையும் கொண்டார். அஃது உறவினர்க்கு வியப்பும் வருத்தமும் விளைத்த செயலாக அவர் வரலாறு எழுதியோர் குறித்துள்ளனர். அவர் குலத்தவரிற் பலர் அதன்பின் முப்பது ஆண்டுகள் கழிந்தும் குடுமியுடனே வாழ்ந்தனர்.

இதனால் அறியத்தக்கன இரண்டு. குடுமி கீழெல்லை காட்டாது. ஏனெனில் அது நெடுங்காலம் நீடித்தது. கிராப்பு மேலெல்லை காட்டும். ஆயினும் அவ்வெல்லை ஊருக்கு ஊர், குலத்துக்குக் குலம் வேறுபடும். 1900ஐ ஒட்டி ஓர் இளைஞர் தாமே துணிந்து செய்தது புதுமையாகத் தோன்றிய வட்டாரத்தில், குடுமி வைத்த தந்தை தம் பத்து அகவை மகனுக்குக் கிராப்பு வைத்துப் படமெடுக்க உடன்பட்டது அதற்குச் சில ஆண்டுகள் பின்னரே நிகழ்ந்திருத்தல் வேண்டும். பள்ளிக்கூடத்து ஆங்கில வகுப்புகளின் செல்வாக்கு இதற்குக் காரணமாகலாம்.

பின்புறக் குறிப்பு

தாளினால் 1890களின் தொடக்கத்திற்குப் பின். அட்டையால் 1900ஐ ஒட்டியோ பின்னரோ. ரவிக்கை வெட்டினால் 1900க்கும் 1920க்கும் இடை. சிறார் ஒப்பனையால் இருபதாம் நூற்றாண்டின் முதற் கால்பகுதி. இவையனைத்தும் ஒருங்கே பொருந்தும் இடம் 1905 முதல் 1920 வரையிலான பதினைந்து ஆண்டுகளாம். இவ்வளவும் குறிப்பினை நோக்காது பெறப்பட்டது.

இனி ‘௮௮ ௵ தை ௴’ என்பதனை நோக்குவோம். வருடக் குறியும் மாதக் குறியும் இருத்தலின் இது நிழற்பட நிலையத்தின் வரிசை எண் அன்று, காலக் குறிப்பே. ஆயின் எவ்வாண்டு? தமிழெண்ணாலும் தமிழ் மாதத்தாலும் எழுதியவர் ஆங்கில ஆண்டினைக் கருதினார் எனக் கொள்ளுதற்கு இடமில்லை. நெல்லைச் சீமையின் கல்வெட்டிலும் ஓலையிலும் பத்திரத்திலும் பயின்ற ஆண்டு கொல்லம் ஆண்டு. இது கி.பி. 825இல் தொடங்கியது, ஈண்டு ஆவணி முதல் கணக்கிடப்பெறும். நூற்றுக்கு மேற்பட்ட எண்களை விடுத்து இறுதி இரண்டனை மட்டும் எழுதுதல் கணக்கெழுதுவோர் வழக்கம்.

88 என முடியும் கொல்லம் ஆண்டுகளுள் 988 என்பது கி.பி. 1812-13 ஆகும்; அன்று நிழற்படக் கலை உலகில் தோன்றவில்லை. 1188 என்பது 2012-13. எஞ்சியது 1088 ஒன்றே. 1088ஆம் ஆண்டு 1912 ஆகஸ்டில் தொடங்குவது. அதன் தை மாதம் 1913 சனவரி, பிப்ரவரித் திங்களில் அடங்கும். நாம் தனியே பெற்ற பதினைந்தாண்டு எல்லையின் நடுவே இது விழுகின்றது. இரு வழியாற் பெற்ற முடிபு ஒன்றாதலே இவ்வாராய்ச்சியின் வலிமை.

எனினும் ஒரு வரையறை உண்டு. குறிப்பினை எழுதியவர் படமெடுத்த நாளைக் குறித்தாரா, படத்தைச் சட்டமிட்ட நாளைக் குறித்தாரா என்பது எழுத்தினாற் புலப்படாது. ஆகவே 1913 தை என்பதனைப் படமெடுத்த நாளாக அறுதியிடாது, அந்நாளிற் படம் இருந்தது எனக் கொள்ளுதலே சால்புடையது. அங்ஙனங் கொள்ளின் இக்குறிப்பு கீழெல்லையாகும். படம் 1905க்கும் 1913க்கும் இடைப்பட்டது ஆகும்.

முடிபு

புலவர் 1897இல் மறைந்தார். படம் அதற்குப் பின்னர் எடுத்த மூலம். ஆதலின் நாற்காலியில் அமர்ந்தவர் புலவர் அல்லர். அகவையும் இதனையே வற்புறுத்தும். அமர்ந்தவர்க்கு நாற்பது அகவை மதிக்கலாம். தகட்டின்மேல் எழுதுகோலால் தீட்டி முகச்சுருக்கத்தை மறைத்தல் அக்காலத் தொழில் வழக்காதலின் முகத்தை மட்டும் நம்புதல் தகாது. ஆனால் கையின் புறத்தைத் தீட்டுவார் அரியர். இவர் கையில் நரம்பு புடைக்கவில்லை, தோல் தளரவில்லை. புலவர்க்கு நாற்பது அகவை நிரம்பிய 1875ஐ ஒட்டி இத்தாள் உலகில் இல்லை. இத்தாள் பரவிய 1890களில் புலவர் அறுபதை அணுகியவர். எவ்வாற்றானும் இரண்டும் ஒருங்கே இயையா.

குடும்பத்தார் கண்ட முகச்சாயல் பொய்யாக வேண்டுவதில்லை. 1870ஐ ஒட்டிப் பிறந்த மகனோ உடன்பிறந்தார் மகனோ ஆயின் சாயல் இயல்பே. ஆயினும் சாயல் பெயர் ஆகாது. பெண்ணையும் சிறாரையும் மனைவி மக்கள் எனக் கூறுதற்கும் எழுத்துச் சான்று இல்லை. ஆகவே மறுபதிப்பின் முகப்பில் இப்படத்தைச் சேர்த்தல் கூடாது என்றும், குடும்ப வரலாற்றுப் பகுதியிற் சேர்ப்பதாயின், ‘புலவர் இல்லத்துப் படம், ஓர் ஆடவர், ஒரு பெண், இரு சிறார், ஏறத்தாழ 1905-1913, பின்புறம் கொல்லம் 1088 தை எனக் கொள்ளத்தகும் குறிப்பு’ என்று மட்டும் எழுதத்தகும் என்றும் யான் பதிப்பாளர்க்குத் தெரிவித்தேன்.

பெயரினைக் காணுதற்கு வழி முற்றும் அடைபடவில்லை. இதுகாறும் வினவப்பெற்றது ஆடவர் ஒருவரைப் பற்றியே. சிறுவன் 1900ஐ ஒட்டியும் சிறுமி 1905ஐ ஒட்டியும் பிறந்திருத்தல் கூடும். 1905-13க்குரிய பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் இவ்வில்லத்துச் சிறுவன் பெயர் இருக்கலாம். சிறுமி மணம் புகுந்த இல்லத்தில் அவள் முதுமைக்காலப் படம் பெயரோடு தொங்கலாம். புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு தமிழகத்து நிழற்பட நிலையங்களின் பழைய படங்களைத் திரட்டி எண்மப் படிகளாக்கியுள்ளது. அத்தொகுப்பில் இதே திரைச்சீலையும் இதே நாற்காலியும் நிலையத்தின் பெயரோடு காணப்படின், அறுபட்ட அட்டையின் குறையும் நிறையும். நெல்லையர் பலர் தூத்துக்குடி வழியே கொழும்பில் வாணிகம் செய்தனராதலின் அந்நகர நிலையங்களையும் ஒப்புநோக்குதல் வேண்டும். சிறாரின் பெயர் தெரியின் பெற்றோர் பெயர் தானே தெரியும். பாம்படம் அணிந்து நிற்கும் அப்பெண்ணின் பெயரும் அவ்வழியாலேயே கிடைக்கும்.